உறுமும் கிரைண்டர்: கல்லா, பெல்ட்டா, கண்டன்சரா, பேரிங்கா?

எங்கள் பக்கம் கிரைண்டர் பழுது பார்ப்பது பருவத் தொழில் மாதிரி. காரைக்குடியைச் சுற்றி உள்ள பல பெரிய வீடுகள் ஆண்டில் பாதிக்கு மேல் பூட்டியே கிடக்கும். கல்யாணம், சாந்தி, பிள்ளையார் நோன்பு என்று ஏதாவது வந்தால்தான் கதவு திறக்கும். திறந்த மறுநாள் காலையில் என் கடைக்குப் போன் வரும். சொல்வது எப்போதும் ஒன்றுதான்: "சுவிட்சைப் போட்டா ம்ம்ம்முன்னு உறுமுது, கல்லு சுத்த மாட்டேங்குது."

பள்ளத்தூரில் ஓர் ஆச்சி வீட்டில் போன வருஷம் நடந்ததை வைத்தே இதை விளக்குகிறேன். வீடு திறந்து மூன்று நாள், கல்யாணத்துக்கு இன்னும் நான்கு நாள். வீட்டின் பின்பக்கம் இருக்கும் இரண்டாம் கட்டில் ஒரு மேசைக் கிரைண்டர், இரண்டு லிட்டர். வெள்ளைப் பணியாரத்துக்கு அரிசியும் உளுந்தும் ஊறிக் கிடந்தன. ஆச்சி ஏற்கெனவே முடிவு கட்டி வைத்திருந்தார்கள்: "மோட்டார் போயிருச்சு தம்பி. புதுசு வாங்கிறவா?"

உறுமுகிற மோட்டார் பெரும்பாலும் போன மோட்டார் இல்லை. போன மோட்டார் சத்தமே போடாது, அல்லது ஃபியூஸைத் தூக்கிவிடும். உறுமல் என்றால் காயிலுக்குக் கரண்ட் வருகிறது, ஆனால் சுற்ற முடியவில்லை என்று பொருள். ஏன் முடியவில்லை என்பதற்கு நான்கைந்து காரணம் இருக்கலாம். எல்லாவற்றுக்கும் காதில் விழும் சத்தம் ஏறக்குறைய ஒன்றே என்பதால்தான் ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கையை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உறுமினால் மூன்று எண்ணுவதற்குள் சுவிட்சை அணையுங்கள். நின்றபடி உறுமும் மோட்டார், ஓடும்போது எடுப்பதைப் போலப் பல மடங்கு கரண்டை இழுக்கும். அந்தக் கரண்ட் முழுக்கக் காயிலில் சூடாக மாறும். "கொஞ்ச நேரம் விட்டா சுத்திரும்" என்று நிற்பவர்கள்தான் வார்னிஷ் கருகிய வாடையோடு மோட்டாரைக் கடைக்குத் தூக்கி வருகிறார்கள். அதுவரை கண்டன்சரை மாற்றினால் தீர்ந்திருக்கும் வேலை, அதற்குப் பிறகு காயிலையே புதிதாகச் சுற்றும் ரீவைண்டிங் வேலை.

உள்ளே என்ன இருக்கிறது

மேசைக் கிரைண்டரைக் கவிழ்த்து அடித்தகட்டின் திருகுகளைக் கழற்றினால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஓரத்தில் மோட்டார் நிற்கும். அதன் அச்சில் சின்ன புல்லி. நடுவில் டிரம்மைத் தாங்கும் தண்டு, அதன் அடியில் பெரிய புல்லி. இரண்டையும் ஒரு பெல்ட் இணைக்கும். பல மாடல்களில் மோட்டார் நிமிடத்துக்கு 1,400 சுற்று ஓடும். சின்ன புல்லியிலிருந்து பெரிய புல்லிக்குப் போகும்போது வேகம் ஏறக்குறைய பத்தில் ஒன்றாகக் குறைந்து, அந்த அளவுக்கு விசை கூடும். நடுத்தண்டு ஒரு கூட்டுக்குள் இரண்டு பேரிங்கில் சுழலும். மோட்டாருக்குப் பக்கத்தில் இரண்டு வயரோடு ஓர் உருளை டப்பா இருக்கும். அதுதான் கண்டன்சர். கடையில் கெப்பாசிட்டர் என்று கேட்டாலும் அதைத்தான் கொடுப்பார்கள்.

ஆக, விசை போகும் வழி இது: மோட்டார், பெல்ட், பேரிங், டிரம், கடைசியில் உருளைக் கல். நான் சோதிப்பது இதற்குத் தலைகீழாக, கல்லிலிருந்து கீழே இறங்கி. காரணம் சாதாரணமானது. கல்லைக் கழற்ற ஸ்க்ரூடிரைவர் வேண்டாம், வீட்டில் யாரும் செய்யலாம். ஒவ்வொரு பாகமாக விலக்கிக்கொண்டே வந்தால், எதை விலக்கியதும் நிலைமை மாறுகிறதோ அங்கேதான் பிடி.

கல்

பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஆச்சி வீட்டுக் கிரைண்டரின் உருளைகளைத் தூக்கினேன். ஓர் உருளை அதன் கம்பியில் கையால் தட்டினாலே சுற்றியது. இன்னொன்று அசையவில்லை. கம்பிக்கும் கல்லுக்கும் நடுவில் இருக்கும் நைலான் புஷ்ஷில், முந்தின முறை அரைத்த மாவு காய்ந்து சிமெண்ட் மாதிரி இறுகியிருந்தது. கழுவிவிட்டுத்தான் வைத்திருப்பார்கள், சந்தேகமில்லை. ஆனால் கல்லின் மேலே தண்ணீர் ஊற்றினால் துளைக்குள் இருக்கும் மாவு போகாது. கம்பியை உருவித் துளையைக் கழுவ வேண்டும்.

உருளை சுற்றாவிட்டால் என்ன ஆகும்? டிரம் சுழலும்போது உருளையும் கூடவே உருள வேண்டும். உருளாத கல் டிரம்மின் அடிக்கல்லில் இழுபடும், பிரேக் பிடித்த மாதிரி. காலியாக இருக்கும்போது மோட்டார் சமாளித்துவிடும். பருப்பு விழுந்ததும் திணறும்.

வெந்நீரில் அரை மணி நேரம் ஊறப் போட்டு, கம்பியை மெல்லத் திருகி எடுத்தேன். சுத்தியலால் தட்டாதீர்கள், கல் விளிம்பு உதிரும். உதிர்ந்த துண்டு அடுத்த மாவில் இருக்கும்.

இதே இடத்தில் இன்னொரு வழக்கத்தையும் சொல்ல வேண்டும். ஊறிய உளுந்து முழுவதையும் கொட்டிவிட்டுப் பிறகு சுவிட்ச் போடும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. தானியம் உருளைக்கும் அடிக்கல்லுக்கும் இடையில் ஆப்பு மாதிரி சிக்கிக்கொள்ளும். நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போதுதான் மோட்டாருக்குக் கஷ்டம் அதிகம். ஒரு டம்ளர் தண்ணீர் விட்டு, முதலில் ஓடவிட்டு, பிறகு கைப்பிடி கைப்பிடியாகப் போட்டால் இந்தப் பிரச்சினை வராது. வெள்ளைப் பணியாரத்துக்கு மாவு கெட்டியாக வேண்டும் என்பதால் தண்ணீரை இறுக்கிப் பிடிப்பார்கள். அதிலும் முதல் பிடிக்கு மட்டுமாவது தண்ணீர் வேண்டும்.

கைப்பிடியில் கல்லை அழுத்தும் ஸ்பிரிங் திருகு உள்ள மாடல் என்றால், அதையும் பார்த்துவிடுங்கள். மாவு நைசாக வரும் என்று முழுக்க இறுக்கி வைத்திருப்பார்கள்.

பேரிங்

கல்லை எடுத்துவிட்டு வெறும் டிரம்மைக் கையால் சுற்றிப் பார்த்தேன். சுற்றியது. ஆனால் உள்ளங்கையில் ஒரு கரகரப்பு தெரிந்தது, மணல் மேல் வாளியை இழுக்கிற மாதிரி. நல்ல பேரிங் என்றால் பெல்ட்டின் மெல்லிய இழுப்பு மட்டும்தான் கைக்குத் தெரியும். டிரம்மின் விளிம்பைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் 'டக் டக்' என்று ஆட்டம் இருந்தாலும் பேரிங் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

டிரம்மைத் தூக்கியதும் தண்டைச் சுற்றிச் செம்பழுப்புக் கறை. இது வேறொன்றுமில்லை, தண்ணீர் இறங்கி பேரிங் துருப்பிடித்ததன் தடம். டிரம்மின் நடுக்குழாய் உயரத்துக்கு மேல் மாவு பொங்கினாலோ, டிரம்மை எடுக்காமல் குடத்துத் தண்ணீரை ஊற்றிக் கழுவினாலோ தண்ணீர் தண்டு வழியே இறங்கும். தினமும் ஓடும் கிரைண்டரில் அந்த ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிவிடும். பத்து மாதம் நிற்கும் கிரைண்டரில் குண்டுகள் ஒரே இடத்தில் நின்று, அங்கேயே துரு தின்னும்.

பேரிங்கின் பக்கவாட்டில் எண் பொறித்திருக்கும். இதில் 6203 என்று இருந்தது. உள்துளை 17 மி.மீ., வெளி விட்டம் 40 மி.மீ. வாங்கப் போகும்போது எண்ணோடு இன்னொன்றையும் சொல்லுங்கள்: இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உள்ளது வேண்டும். தகரத் தட்டு மூடியோடு வருவது தூசியை நிறுத்தும், தண்ணீரை நிறுத்தாது. பேரிங்கைத் தண்டில் ஏற்ற உள்வளையத்தில்தான் தட்ட வேண்டும். வெளிவளையத்தில் அடித்தால் குண்டு ஓடும் பாதையில் பள்ளம் விழுந்து, புதுப் பேரிங்கே முதல் நாளிலிருந்து கரகரக்கும். கருவி இல்லாதவர்கள் இந்த ஒரு வேலையைக் கடையில் கொடுத்துவிடுவது நல்லது.

பெல்ட்

பெல்ட் வழுக்குவது உறுமல் குடும்பத்தைச் சேர்ந்ததே இல்லை. பெல்ட் வழுக்கினால் மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருக்கும். டிரம் மட்டும் தயங்கும், நிற்கும். சத்தமும் வேறு: உறுமல் அல்ல, 'கீச்' என்ற கீச்சலும் ரப்பர் கருகும் வாடையும். கவிழ்த்துப் பார்த்தால் அடித்தகட்டில் கருப்புப் பொடி உதிர்ந்திருக்கும்.

அப்படியென்றால் இந்தக் கதையில் பெல்ட் ஏன் வருகிறது? ஆச்சியிடம் கேட்டேன், "போன தடவை பெல்ட்டுல யாரும் கை வச்சாகளா?" அவர்கள் யோசித்துவிட்டு, "பொங்கலுக்கு வந்தப்ப கீச்சு கீச்சுன்னு கத்துச்சு. பக்கத்துல ஒரு பையன் வந்து இறுக்கி விட்டான், சரியாப் போச்சு" என்றார்கள்.

சரியாகப் போகவில்லை. அப்போதே பேரிங்கில் துரு ஏறி டிரம் கனத்திருக்கும், அதனால்தான் பெல்ட் வழுக்கியது. பெல்ட் வழுக்கியவரை மோட்டார் தப்பித்தது, ஏனென்றால் டிரம் நின்றாலும் மோட்டார் சுற்றலாம். பையன் பெல்ட்டைக் கடைசி வரை இறுக்கியதும், டிரம்மின் கனம் முழுவதும் மோட்டார் தலையில் விழுந்தது. கூடவே பேரிங்கைப் பக்கவாட்டில் இழுக்கும் விசையும் கூடியது. பெல்ட் கீச்சிட்டால் அதை இறுக்குவதற்கு முன்னால் டிரம்மைக் கையால் சுற்றிப் பாருங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வது இதனால்தான்.

சரியான இறுக்கம் எவ்வளவு? இரண்டு புல்லிக்கும் நடுவில் பெல்ட்டைக் கட்டை விரலால் அழுத்தினால் ஒரு சென்டிமீட்டர் அளவு உள்ளே போக வேண்டும். ஆச்சி வீட்டுப் பெல்ட் வீணைத் தந்தி மாதிரி நின்றது. மோட்டாரைப் பிடிக்கும் போல்ட்டுகளின் துளை நீள்வட்டமாக இருக்கும். தளர்த்தி மோட்டாரை நகர்த்தி இதைச் சரிசெய்யலாம். பெல்ட்டின் பக்கங்கள் கண்ணாடி போல் பளபளத்தாலோ, மடக்கினால் விரிசல் தெரிந்தாலோ இறுக்கிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். வி வடிவப் பெல்ட் பிடிப்பது பக்கங்களால்தான், அடியால் அல்ல. பழைய மாடல்களில் இருக்கும் பெரிய பெல்ட்டில் 'ஏ' என்ற எழுத்தும் ஓர் எண்ணும் அச்சிட்டிருக்கும். அந்த எண் உட்புறச் சுற்றளவு, அங்குலத்தில். வழுக்குகிறது என்று எண்ணெய் தடவுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அதற்கு என்னிடம் பதிலில்லை.

கண்டன்சர்

இப்போது பெல்ட்டையும் கழற்றியாயிற்று. மோட்டார் தனியாக நிற்கிறது. அச்சைக் கையால் சுற்றினால் லேசாகச் சுழல்கிறது. பிளக்கை மாட்டி, கையை எடுத்துவிட்டுச் சுவிட்ச் போட்டேன். ஓடியது. ஆனால் கிளம்பும்போது ஒரு தயக்கம்: 'ம்ம்' என்று அரை நொடி இழுத்துவிட்டுத்தான் பிடித்தது.

அந்தத் தயக்கத்தைப் புரிந்துகொள்ளத் திருகையை நினைத்துக்கொள்ளுங்கள். முளைக்கு நேரே உட்கார்ந்து ஒருத்தர் இழுப்பதும் தள்ளுவதுமாக மட்டும் செய்தால் மேல்கல் ஆடுமே தவிர சுற்றாது. பக்கத்தில் இன்னொருவர், கொஞ்சம் பிந்தி, வேறு திசையில் கை கொடுத்தால் கல் வட்டமாகப் போகும். வீட்டுக்கு வரும் ஒற்றை ஃபேஸ் கரண்ட் அந்த முதல் ஆள். நொடிக்கு 50 தடவை இழுத்துத் தள்ளும், அவ்வளவுதான். மோட்டாருக்குள் இரண்டு காயில் இருக்கிறது. இரண்டாவது காயிலுக்குப் போகும் கரண்டின் நேரத்தைச் சற்றே மாற்றி, அதை இரண்டாவது ஆளாக ஆக்குவது கண்டன்சரின் வேலை. கண்டன்சர் முழுக்கச் செத்தால் முதல் ஆள் மட்டும் நின்று ஆட்டிக்கொண்டிருப்பான். அந்த ஆட்டம்தான் உறுமல். அந்த நிலையில் அச்சை எந்தப் பக்கம் சுழற்றிவிட்டாலும் அந்தப் பக்கமே ஓடத் தொடங்கும். சில மெக்கானிக்குகள் குச்சியால் சுழற்றிவிட்டு இதைக் கண்டுபிடிப்பார்கள். வீட்டில் அதைச் செய்ய வேண்டாம். பெல்ட்டும் புல்லியும் விரலை இழுத்துக்கொள்ளும்.

கண்டன்சர் ஒரே நாளில் சாவதைவிடக் கொஞ்சம் கொஞ்சமாக வலுவிழப்பதுதான் அதிகம். அப்போதுதான் குழப்பம். காலியாக இருந்தால் ஓடும், மாவு போட்டால் உறுமி நிற்கும். பார்க்கிறவர்கள் கல் சிக்கியது என்றே நினைப்பார்கள்.

பிளக்கைப் பிடுங்கி, கண்டன்சரின் இரண்டு முனையையும் ஒரு பழைய 40 வாட் குண்டு பல்பின் ஹோல்டர் வயரால் தொட்டு, மிச்சம் தேங்கிய கரண்டை இறக்கினேன். கரண்ட் இல்லை என்று சும்மா தொட்டால் உதறித் தள்ளும் அளவுக்கு அதில் தேங்கி இருக்கலாம். டப்பாவில் அச்சிட்டிருந்தது 8 மைக்ரோ ஃபாரட், 440 வோல்ட், கூட்டல் கழித்தல் ஐந்து சதவீதம். அதாவது 7.6-க்குக் கீழே போகக் கூடாது. மீட்டர் காட்டியது 5.2. டப்பா உப்பவும் இல்லை, எண்ணெய் கசியவும் இல்லை. வெளியில் பார்த்து நல்ல கண்டன்சர் என்று சொல்ல முடியாது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

மாற்றும்போது மைக்ரோ ஃபாரட் அதே எண்தான் வேண்டும். "12 போட்டா இன்னும் வேகமாப் போகும்" என்று கொடுக்கும் கடைக்காரரை நம்பாதீர்கள். இரண்டாவது காயிலில் கரண்ட் கூடி அது சூடேறும். வோல்ட் மட்டும் அச்சிட்டதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம்.

ஏமாந்துபோகிற ஓர் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். கல் சரி, பேரிங் சரி, கண்டன்சர் புதிது, அச்சு கையால் லேசாகச் சுற்றுகிறது, ஆனாலும் உறுமுகிறது என்று சில மோட்டார் வரும். அப்போது அச்சைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். மோட்டாருக்குள் அச்சைத் தாங்கும் புஷ் தேய்ந்திருந்தால், கரண்ட் வந்ததும் காந்தம் உள்ளே சுழலும் ரோட்டரை ஒரு பக்கம் இழுத்து, அதைச் சுற்றி அசையாமல் நிற்கும் ஸ்டேட்டரோடு ஒட்டவைத்துவிடும். கரண்ட் நின்றதும் விட்டுவிடும். கையால் சுற்றிப் பார்க்கும் சோதனை ஏமாறுகிற இடம் இது ஒன்றுதான். திறந்தால் ரோட்டரின் மேல் உரசிய பளபளப்பு பட்டையாகத் தெரியும். அதிலும் ஆட்டம் இல்லை என்றால்தான் காயிலைச் சந்தேகிக்க வேண்டும்.

நடுவில் ஒரு வோல்டேஜ் விவகாரம்

எல்லாம் மாற்றிப் பூட்டினேன். முன்கட்டில் வைத்துப் பார்த்தபோது அருமையாக ஓடியது. இரண்டாம் கட்டுக்குக் கொண்டுபோய் உளுந்து போட்டதும் மறுபடி கிளம்பத் தயங்கியது. எனக்கே ஒரு நிமிஷம் திக்கென்றது.

மீட்டரை அந்தப் பிளக்கில் வைத்தேன். சும்மா இருக்கும்போது 212 வோல்ட். கிரைண்டர் கிளம்பும் நொடியில் 190. மெயின் போர்டு தெருப் பக்கம் இருக்க, அங்கிருந்து வளவு முற்றத்தைச் சுற்றி இரண்டாம் கட்டு வரை பழைய மெல்லிய வயர் ஓடுகிறது. அதே வயரில்தான் கல்யாணத்துக்குப் போட்ட சீரியல் விளக்கும், பக்கத்து அறை ஹீட்டரும். கிளம்பும் விசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 190-ஐ 230-ஆல் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கினால் 0.68. அதாவது மோட்டாரின் கிளம்பும் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே போய்விடுகிறது. வோல்டேஜ் 17 சதவீதம்தான் குறைந்தது, பலம் 32 சதவீதம் குறைந்தது.

ஹீட்டரை அணைத்ததும் கிரைண்டர் கிளம்பியது. கல்யாணம் முடியும் வரை முன்கட்டுத் திண்ணையிலேயே மாவாட்டச் சொன்னேன். ஆச்சிக்கு அது பிடிக்கவில்லை. "வர்றவுக போறவுக முன்னாடி மாவாட்டவா?" என்றார்கள். கடைசியில் பட்டாலைக்குப் பின்னால் ஓர் ஓரமாக வைத்தார்கள்.

இந்தக் கிரைண்டரை நிறுத்தியது ஒரே பழுதா என்று கேட்டால், இல்லை. இறுகிய உருளை, துருப்பிடித்த பேரிங், அதிகம் இறுக்கிய பெல்ட், வலுவிழந்த கண்டன்சர், குறைந்த வோல்டேஜ். தனித்தனியாக எதுவும் மோட்டாரை நிறுத்தியிருக்காது. கண்டன்சரை மட்டும் மாற்றிவிட்டு வந்திருந்தால் ஓடியிருக்கும். நானும் காசு வாங்கியிருப்பேன், அடுத்த நோன்புக்கு மறுபடி போன் வந்திருக்கும்.

வீட்டைப் பூட்டும் முன் என்ன செய்ய வேண்டும் என்று ஆச்சி கேட்டார்கள். உருளையைக் கம்பியிலிருந்து உருவி, துளையைக் கழுவிக் காயவைத்துத் தனியாக வையுங்கள். டிரம்மைத் தூக்கிக் கவிழ்த்து, தண்டைத் துணியால் துடைத்துவிடுங்கள். இடையில் வீட்டைப் பார்த்துக்கொள்ள வருகிறவர், மாதம் ஒரு முறை வெறும் டிரம்மை மாட்டி ஐந்து நிமிஷம் ஓடவிட்டால் பேரிங்கில் கிரீஸ் ஓரிடத்தில் தங்காது.

கிளம்பும்போது அடித்தகட்டின் உட்பக்கம் மார்க்கர் பேனாவால் எழுதிவைத்தேன்: கண்டன்சர் 8, பேரிங் 6203 இரண்டு, பெல்ட் எண், மாற்றிய மாதம். "இதை யாரு தம்பி படிக்கப் போறா?" என்றார்கள் ஆச்சி. அடுத்த தடவை கவிழ்த்துப் போடுகிறவன் படிப்பான் என்றேன்.